‘கைடன்ஸ் வேண்டும்’ என்ற மெசேஜுக்கு ஏன் பதில் வருவதில்லை

பத்து நாளாக என் இன்பாக்ஸில் ஒரு மெசேஜ் கிடக்கிறது. நான் படித்த அதே துறையில் இப்போது இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி எழுதியது. “வணக்கம் அண்ணா, நானும் உங்கள் டிபார்ட்மென்ட்தான். எம்பெடட் துறைக்கு வர ஆசை. எனக்கு உங்கள் கைடன்ஸ் வேண்டும். ப்ளீஸ் ஹெல்ப் பண்ணுங்கள்.” அவ்வளவுதான். மரியாதையான மெசேஜ், தப்பாக ஒன்றும் இல்லை. தினமும் திறந்து பார்க்கிறேன், ராத்திரி எழுதலாம் என்று மூடிவிடுகிறேன். மூன்று தடவை பதில் எழுத ஆரம்பித்து, “முதலில் சி மொழியை நன்றாகப் படி” என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவளுக்கு சி எவ்வளவு தெரியும் என்றே எனக்குத் தெரியாதே. ஏற்கெனவே மைக்ரோகன்ட்ரோலரில் ஏதாவது செய்திருக்கிறாளா, வேலை தேடுகிறாளா, மேலே படிக்கப் போகிறாளா, எதுவும் தெரியாது.

இது என்னை உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் நானும் எழுதியிருக்கிறேன். இறுதியாண்டின் தொடக்கத்தில், ஒரே வாரத்தில், இருபத்து மூன்று சீனியர்களுக்கு. வந்த பதில்கள் இரண்டு. ஒருவர் “ஆல் த பெஸ்ட்” என்று அனுப்பியிருந்தார். இன்னொருவர் “சொல்லுங்க” என்றார். நான் மறுபடியும் கைடன்ஸ் வேண்டும் என்றேன். அதோடு அவரும் போய்விட்டார். மேலே போனவர்கள் எல்லாம் கீழே இருப்பவர்களை மறந்துவிடுகிறார்கள் என்று அப்போது மனதார நம்பினேன். பல மாதங்கள் அந்தக் கசப்பு இருந்தது.

அதை மாற்றியது ஐந்து நிமிடப் பேச்சு. முன்னாள் மாணவர் சந்திப்புக்கு நாற்காலி போடும் வேலை எங்களுக்கு. வந்திருந்தவர்களில் ஒருவர் என் இருபத்து மூன்று பேரில் ஒருவர், பதில் போடாதவர். பெயரைச் சொன்னதும் அவராகவே, “நீதானே எனக்கு மெசேஜ் போட்ட?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாபகம் வைத்திருக்கிறார்! “பதில் போடணும்னுதான் நினைச்சேன் தம்பி. எழுத உட்கார்ந்தா எதை எழுதறதுன்னே தெரியல. நீ கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா நான் ஒரு புத்தகம் எழுதணும். ரெண்டு வரியில முடிக்கவும் மனசு வரல. அப்படியே நாள் போயிடுச்சு. ஒரு மாசம் கழிச்சு பதில் போட எனக்கே கூச்சமா இருந்துச்சு.”

அன்றைக்கு ராத்திரி என் இருபத்து மூன்று மெசேஜ்களையும் மறுபடி படித்தேன். அவர் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தியது. நான் உதவி கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு பெரிய வேலையை அவர்கள் தலையில் இறக்கியிருந்தேன். என் நிலைமை என்ன என்று ஊகித்து, எனக்கு என்ன கேள்வி இருக்கும் என்று யோசித்து, அதற்குப் பதிலும் எழுத வேண்டும். கேள்வியைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் செய்யவே இல்லை. அதுதான் கடினமான பாதி.

யாரிடம் கேட்பது

முதல் சுற்றில் நான் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் பதினைந்து, இருபது வருடம் முன்னால் படித்துப் பெரிய பதவியில் இருந்தவர்கள். பதவி பெரிதாக இருந்தால் உதவியும் பெரிதாக இருக்கும் என்று ஒரு கணக்கு. ஆனால் முதல் வேலைக்கு எதைத் தயார் செய்ய வேண்டும், இன்டர்வியூவில் இப்போது எதைத் தோண்டிக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மங்கலான நினைவுதான். அவர்கள் நுழைந்த வாசலே இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வருடம் முன்னால் போனவர்களுக்கு எல்லாம் புதிதாக நினைவிருக்கும், எங்கே வழுக்கினோம் என்பது உட்பட. இருபது வருட அனுபவக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இந்தத் துறைக்குள்ளேயே எந்தப் பக்கம் திரும்பினால் பின்னால் மாறுவது கஷ்டம், நிர்வாகப் பக்கம் போகலாமா தொழில்நுட்பத்திலேயே நிற்கலாமா என்பது போல. அந்தக் கேள்விகள் வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்துத்தான் எனக்கு வந்தன.

ஆட்களைத் தேடும் இடத்தையும் மாற்றினேன். லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது, எங்கே வேலை செய்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம், அது பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிட உதவியது துறை நூலகத்தில் அடுக்கி வைத்திருந்த பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்கள். யாரும் தொடாத அலமாரி. என் ப்ராஜெக்ட்டுக்கு நெருக்கமான தலைப்புகளாகத் தேடி எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்திலேயே செய்தவர்களின் பெயர், வழிகாட்டிய பேராசிரியரின் பெயர். அந்தப் பேராசிரியரிடம் போய், “இவங்க இப்ப என்ன பண்றாங்க சார்? உங்க பெயரைச் சொல்லி எழுதலாமா?” என்று கேட்டேன். அனுமதி கேட்டது முக்கியம், கேட்காமல் பெயரைப் போட்டால் இரண்டு பக்கமும் சங்கடம். அவர் சொன்ன மூன்று பெயர்களில் இருவர் எனக்குப் பதில் எழுதினார்கள்.

இது ஏன் வேலை செய்தது என்று பின்னால்தான் புரிந்தது. 2017-இல் மஹ்தி ரோகனிசாத், வனெஸா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சிறு கருத்துக்கணிப்பை நிரப்பித் தரச் சொல்லிச் சிலர் நேரில் கேட்டார்கள், சிலர் மின்னஞ்சலில் கேட்டார்கள். நேரில் கேட்டது 34 மடங்கு அதிகம் பலித்தது. கேட்டவர்களோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலிக்கும் என்றுதான் முன்கூட்டி நினைத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் சொன்ன காரணம் எளிது: எழுதுகிறவருக்குத் தன் நோக்கம் நேர்மையானது என்று தெரியும், பெறுகிறவருக்கு அது திரையில் தெரிவதில்லை. சீனியர்கள் முழு அந்நியர்கள் இல்லை, அதனால் நம் விஷயத்தில் வித்தியாசம் அவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் குறை அதேதான். ‘நானும் உங்கள் காலேஜ்தான்’ என்ற ஒரு வரி அந்தக் குறையைத் தீர்க்காது. ‘உங்கள் ரிப்போர்ட்டின் நான்காவது அத்தியாயத்தைப் படித்தேன்’ என்ற வரி ஓரளவு தீர்க்கும், ஏனென்றால் அதைப் பத்துப் பேருக்கு அப்படியே அனுப்ப முடியாது.

நான் அனுப்பிய இரண்டாவது மெசேஜ்

அப்போது என் ப்ராஜெக்ட் ஒரு சின்ன மோட்டாரின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி. அர்டுயினோ போர்டு, எல்எம்35 சென்சார். என்னைவிட நான்கு வருடம் மூத்த ஒருவருக்கு நான் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன். அதில் வரும் எஸ்டிஎம்32 இன்னொரு வகை மைக்ரோகன்ட்ரோலர், ஆர்டிஓஎஸ் என்பது அதில் பல வேலைகளை நேரம் தவறாமல் நடத்தும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்.

“வணக்கம் அண்ணா. பேராசிரியர் உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் படிக்கச் சொன்னார், உங்களுக்கு எழுதலாம் என்றும் சொன்னார். நான் இறுதியாண்டு. அர்டுயினோவில் மோட்டார் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் அளவு 3, 4 டிகிரி எகிறுகிறது. பத்து அளவுகளின் சராசரி எடுத்துச் சமாளித்திருக்கிறேன். வேலைத் தேர்வுகளுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இதே கருவியை எஸ்டிஎம்32-இல் ரெடிமேட் லைப்ரரி இல்லாமல் மறுபடி எழுதுவதா, அல்லது ஆர்டிஓஎஸ் வைத்துப் புதிதாக ஒன்று தொடங்குவதா என்று குழப்பம். வேலை விளம்பரங்களில் ஆர்டிஓஎஸ் அடிக்கடி வருவதால் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். இது தப்பான கணக்கு என்றால் சொல்லுங்கள். ஒரு வரி போதும். நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை அண்ணா.”

அன்றைக்கே பதில் வந்தது. “முதலாவதைச் செய். ஃப்ரெஷரிடம் எந்த ஆர்டிஓஎஸ் தெரியும் என்பதைவிட, செய்த ஒன்றை எவ்வளவு ஆழமாகத் தெரியும் என்றுதான் நாங்கள் தோண்டுவோம். டைமர், ஏடிசி இரண்டையும் டேட்டாஷீட்டைப் பார்த்து நீயே எழுது. இன்டரப்ட்டில் மாற்றும் மாறிக்கு ஏன் `volatile` போடுகிறோம் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். இன்னொன்று, சராசரி எடுத்து அந்த எகிறலை மறைக்காதே. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது போர்டின் 5 வோல்ட் சப்ளையை அளந்து பார்.”

நான் கேட்டது ஒரு வரி, அவர் எழுதியது ஒரு பத்தி. அவருக்கு அன்று நேரம் அதிகமாக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. என் மெசேஜில் அவர் பிடித்துக்கொள்ள இடம் இருந்தது. ‘ஏ-யா பி-யா’ என்று கேட்டதோடு, நான் எந்தப் பக்கம் சாய்கிறேன், ஏன் சாய்கிறேன் என்றும் சொல்லியிருந்தேன். வெற்றுத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால் எவருக்கும் அலுப்பாக இருக்கும். எழுதிய தாளில் ஒரு தப்பு தெரிந்தால், துறையில் ஊறியவருக்குக் கை சும்மா இருக்காது, திருத்திவிடத் தோன்றும். அந்த சராசரி விஷயத்தை நான் கேட்கவே இல்லை, அவரால் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. அதனால் யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்: உங்கள் இப்போதைய முடிவையும் அதன் காரணத்தையும் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதிவிடுங்கள். தப்பாகத் தெரிந்துவிடுமோ என்று பயந்துதான் பலரும் ‘கைடன்ஸ்’ என்ற பொதுவான வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒளிந்திருந்தேன்.

மென்டர் என்ற வார்த்தை அந்த மெசேஜில் இல்லை என்பதையும் கவனிக்கலாம். ‘எனக்கு மென்டராக இருப்பீர்களா’ என்று முதல் மெசேஜில் கேட்டால், எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எதுவும் தெரியாத ஒரு பொறுப்புக்கு ஆமாம் சொல்லச் சொல்கிறோம். மாட்டேன் என்று சொல்லவும் மனம் வராது. அந்த இடத்தில் மனிதர்கள் செய்வது மௌனம்தான்.

அதேபோல ரெஸ்யூமே இணைக்கவில்லை. கைடன்ஸ் என்று தொடங்கி மூன்றாவது வரியில் ‘உங்கள் கம்பெனியில் ரெஃபர் பண்ண முடியுமா’ என்று வருகிற மெசேஜ்கள் இப்போது எனக்கு நிறைய வருகின்றன. ரெஃபரல் கேட்பதில் தப்பே இல்லை. குறிப்பிட்ட வேலையின் இணைப்பையும், அதற்கு ஏன் பொருந்துகிறோம் என்று இரண்டு வரியையும் போட்டு நேராகக் கேட்டால் எனக்குத் தீர்மானிக்க எளிது. ஆலோசனைக்குள் வைத்துக் கேட்கும்போதுதான் அடுத்த உண்மையான கேள்வியையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டி வருகிறது.

இன்னொரு தவறும் செய்தேன். ஒரே நிறுவனத்தில் இருந்த இரண்டு அக்காக்களுக்கு, பெயரை மட்டும் மாற்றி, ஒரே மெசேஜை ஒரே மாலையில் அனுப்பினேன். இருவரும் ஒரே டீம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒருவர் மற்றவரிடம் காட்டியிருக்கிறார். இருவரும் பதில் போடவில்லை. நியாயம்தான். ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தால், ஒருவருக்கு எழுதி, பத்து நாள் காத்திருந்து, பிறகு அடுத்தவருக்கு எழுதலாம்.

காத்திருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போடலாம். ‘மெசேஜ் பார்த்தீர்களா’ என்று போட்டால் எதிரில் இருப்பவருக்குக் குற்ற உணர்ச்சி கூடும், பதில் வராது. அந்தப் பத்து நாளில் நீங்கள் செய்ததைச் சேர்த்து, கேள்வியை இன்னும் சின்னதாக்கி அனுப்பினால் அதுவே புது மெசேஜ் மாதிரி. அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். என் இரண்டாவது சுற்றில் ஒன்பது பேருக்கு எழுதினேன், நான்கு பேர் பதில் போட்டார்கள். மீதி ஐந்து பேருக்கும் அதே அளவு கவனத்தோடுதான் எழுதினேன். குழந்தை பிறந்திருக்கலாம், வேலை போயிருக்கலாம், அந்தக் கணக்கையே அவர்கள் திறக்காமல் இருக்கலாம். மெசேஜைத் திருத்தி எழுதித் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல அது.

மூன்றாவது மெசேஜ்

சப்ளையை அளக்கச் சொன்ன அந்த அண்ணா பதில் போட்ட அன்றைக்கே நன்றி சொன்னேன். அதோடு நின்றிருந்தால் அவர் எனக்கு ஒரு நல்ல பதில் எழுதிய சீனியர் மட்டுமே. இன்று வரை நான் வேலை மாறும்போதெல்லாம் முதலில் பேசுவது அவரிடம்தான், அந்த உறவு பிறந்தது மூன்று வாரம் கழித்து நான் அனுப்பிய மெசேஜில்.

அவர் சொன்னபடி சப்ளையை அளந்து பார்த்தேன். மல்டிமீட்டரில் எதுவும் தெரியவில்லை, அது அவ்வளவு வேகமாகக் காட்டாது. லேபில் ஆசிலோஸ்கோப் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் 5 வோல்ட் 4.5-க்கு இறங்கியது. போர்டு தன் சப்ளையையே அளவுகோலாக வைத்துத்தான் சென்சாரை அளக்கிறது. எல்எம்35 தருவது மாறாத அளவு, ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட். அளவுகோல் சுருங்கினால் அதே 30 டிகிரி 33-ஆகத் தெரியும். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் சேர்த்தேன். எகிறல் நின்றது. இதை ஆறு வரியில் அவருக்கு எழுதினேன், ஆசிலோஸ்கோப் திரையின் படத்தோடு. டைமர் பகுதியை இன்னும் முடிக்கவில்லை, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் எழுதினேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அவர் பதில்: “சனிக்கிழமை ஃப்ரீயா? கால் பண்ணு.”

இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த மெசேஜின் எடை எனக்குத் தெரிந்தது. நான் பதில் எழுதிய ஜூனியர்களில், சொன்னதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் ‘தேங்க்யூ அண்ணா’ என்றதோடு சரி. அவர்கள் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். சொன்னது கிணற்றில் போட்ட கல்லா, யாருக்காவது பயன்பட்டதா என்று தெரியாமலே அடுத்தவருக்கு எழுதுவது மெதுவாக ஆளைக் களைக்க வைக்கிறது. சொன்னது பலிக்கவில்லை என்று திரும்பி வந்து சொல்பவர்கள் எனக்கு இன்னும் பிடித்தமானவர்கள். அவர்களால் என் தப்பு எனக்குத் தெரிகிறது.

போனில் பேசக் கிடைத்தால் முந்தின நாளே கேள்விகளை எழுதி அனுப்பிவிடுவேன், மூன்றுக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தால் இருபதாவது நிமிடத்தில் நானே முடிக்கப் பார்ப்பேன், அவர் தொடர்ந்தால் அது அவர் விருப்பம். அப்புறம், அவர் சொல்வதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒருவர் சொல்வது அவர் நடந்து வந்த ஒரே பாதையின் கதை. என்னுடைய நான்கு பேரில் ஒருவர் உடனே எம்டெக் படி என்றார், இன்னொருவர் அது நேர விரயம் என்றார். இரண்டு நாள் தலை சுற்றியது. பிறகு இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “எந்த மாதிரி ஆளுக்கு உங்கள் ஆலோசனை பொருந்தாது?” முதலாமவர், உடனே சம்பாதித்தாக வேண்டிய வீடு என்றால் பொருந்தாது என்றார். இரண்டாமவர், சிப் வடிவமைப்புக்குப் போக நினைப்பவருக்குத் தன் பேச்சு பொருந்தாது என்றார். முரண்பாடு போய், என் நிலைமையை வைத்து நானே முடிவெடுக்க முடிந்தது.

சரி, பத்து நாளாகக் கிடந்த அந்த மெசேஜ். இதையெல்லாம் அவளுக்குப் பாடமாக அனுப்ப மனம் வரவில்லை. நாற்காலி போட்ட அன்று யாரோ என்னிடம் நேரில் பேசியதால்தான் எனக்கே தெரிந்தது, அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நேற்று ராத்திரி எழுதினேன்: “தாமதத்துக்கு மன்னிச்சுக்கோம்மா. கடைசியா நீ செஞ்சு பார்த்த ஒண்ணு எது? அதுல எந்த இடத்துல மாட்டின? அடுத்து என்ன பண்ணலாம்னு நினைக்கற, ஏன்? இந்த மூணும் எழுதி அனுப்பு, தப்பா இருந்தாலும் பரவாயில்ல.”

காலையில் பார்த்தால் பதினொரு வரி வந்திருக்கிறது. தரையில் போட்ட கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் லைன் ஃபாலோயர் ரோபோ செய்திருக்கிறாள், வெயிலில் சென்சார் அந்தக் கோட்டைப் பார்ப்பதே இல்லையாம், புது சென்சார் வாங்கலாமா என்று கேட்கிறாள். வாங்க வேண்டாம், சென்சாரின் எல்இடியை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை அளந்து கழித்துப் பார் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.